கேபிளைக் கீழே தள்ளினால் பீமுக்கு என்ன ஆகும்? மேல் இழை, அடி இழைத் தகைவுகள்: ஒரு கணக்கு

இரண்டு முனைகளிலும் தாங்கி நிற்கும் ஒரு கான்கிரீட் பீமின் மேல் சுமையை ஏற்றினால், பீம் லேசாகத் தொய்யும். அப்போது மேல்பக்கக் கான்கிரீட் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். நசுக்குவதைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். இழுப்பதை அதனால் தாங்க முடியாது, சீக்கிரமே விரிசல் விடும். சுமை வந்து அடிப்பக்கத்தை இழுப்பதற்கு முன்பே நாமே அதை நசுக்கி வைத்துவிட்டால்? சுமை தரும் இழுவை முதலில் அந்த நசுக்கலைத் தீர்க்க வேண்டும். தீரும்வரை அடியில் விரிசல் வராது. முன்தகைவுக் கான்கிரீட், அதாவது சைட்டில் பி.எஸ்.சி. என்று சொல்வது, இந்த யோசனைதான்.

நசுக்குவதற்கு ஸ்ட்ராண்ட் எனப்படும் உயர்வலுக் கம்பிமுறுக்குகளைப் பயன்படுத்துகிறோம். வார்ப்புப் படுக்கையில் ஸ்ட்ராண்டுகளை ஜாக்கால் இழுத்துக் கட்டிவிட்டு, அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் போதிய வலு பெற்றதும் முனைகளில் ஸ்ட்ராண்டுகளை விடுவிப்பார்கள். அவை பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும். பிடித்துக்கொண்டிருக்கும் கான்கிரீட் விடாது. அந்த இழுபறியில் கான்கிரீட் நசுங்கும். ரயில் பாதையில் கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் இப்படித்தான் வார்க்கப்படுகின்றன.

இனிமேல் எல்லாவற்றையும் ஒரே பீமை வைத்துப் பார்ப்போம். தாங்கிகளுக்கு இடையே 10 மீட்டர். அகலம் 300 மி.மீ., உயரம் 600 மி.மீ. எம்40 கான்கிரீட், அதாவது அமுக்க வலு fck 40 மெகாபாஸ்கல். கணக்குக்கு வேண்டிய எண்கள் இவ்வளவுதான்:

```
A = 300 × 600      = 180000 mm²
Z = 300 × 600² / 6 = 18 × 10⁶ mm³
```

A என்பது வெட்டுப்பரப்பு. Z என்பது வெட்டுமுகக் குணகம்: வளைக்கும் திருப்புத்திறனை இதால் வகுத்தால், மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் வரும் தகைவு கிடைக்கும். அந்த இரண்டு விளிம்புகளில் இருக்கும் கான்கிரீட்டைத்தான் மேல் இழை, அடி இழை என்கிறோம். தகைவு அங்கேதான் உச்சம் தொடும் என்பதால் அந்த இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும்.

அடுத்து சுமை. கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்று வைத்தால், பீமின் சொந்த எடை மீட்டருக்கு 4.5 கிலோநியூட்டன். மேலே வரப்போகும் சுமை மீட்டருக்கு 11 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வரும் திருப்புத்திறன் wL²/8; w மீட்டருக்கான சுமை, L தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம்.

```
சொந்த எடை : 4.5 × 10² / 8 =  56.25 kN·m  → 56.25×10⁶ / Z =  3.13 MPa
மேல் சுமை  : 11 × 10² / 8  = 137.5 kN·m   → 137.5×10⁶ / Z =  7.64 MPa
மொத்தம்                                                     10.76 MPa
```

ஆக, முழுச் சுமையில் மேல் இழையில் 10.76 மெகாபாஸ்கல் அமுக்கமும், அடி இழையில் அதே அளவு இழுவிசையும் வரும். எம்40 கான்கிரீட் வளையும்போது ஏறக்குறைய 4.4 மெகாபாஸ்கல் இழுவிசையிலேயே விரிசல் விடும் (0.7√fck). அதனால் இந்தச் சுமையை வெறும் கான்கிரீட் தாங்காது.

நடுவில் வைத்தால் ஏன் கட்டுப்படியாகாது

ஸ்ட்ராண்டுகளைப் பீமின் மைய அச்சில் வைத்து P என்ற விசையால் இழுத்தால் நசுக்கல் எல்லா இடத்திலும் சமமாக இருக்கும்: P/A. அடியில் 10.76 இழுவையைத் தீர்க்க வேண்டுமானால் P/A-யும் 10.76 ஆக வேண்டும். அதற்கு P சுமார் 1937 கிலோநியூட்டன் தேவை. விசை பெரிது என்பது ஒரு பக்கம். அதைவிட மோசமானது மேல் இழையில் நடப்பது. அங்கே சுமை ஏற்கெனவே 10.76 நசுக்குகிறது, நாமும் இன்னொரு 10.76 நசுக்கினால் 21.5 ஆகிவிடும். எம்40-க்கு முழுச் சுமையில், முன்தகைவுக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1343 அனுமதிக்கும் அமுக்கம் 15 மெகாபாஸ்கலைக் கொஞ்சம் தாண்டியதுதான். உதவி தேவைப்படாத மேல்பக்கத்துக்கும் சேர்த்து அழுத்தம் கொடுத்தால் இப்படித்தான் முடியும்.

அதனால் ஸ்ட்ராண்டை மையத்திலிருந்து கீழே தள்ளி வைக்கிறோம். இந்தத் தள்ளலுக்கு மையவிலகல் என்று பெயர், குறியீடு e. இப்போது விசை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, முன்போலவே முழு வெட்டுமுகத்தையும் P/A அளவுக்குச் சமமாக நசுக்குகிறது. இரண்டு, மையத்தைவிட்டு e தூரம் தள்ளி இழுப்பதால் P × e என்ற திருப்புத்திறனை உண்டாக்குகிறது. இது பீமை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும். அடியை இன்னும் நசுக்கும், மேலை இழுக்கும். சுமை செய்வதற்கு நேர் எதிரான வேலை.

சுமை தரும் திருப்புத்திறனை M என்றும், அமுக்கத்தை + என்றும், இழுவிசையை − என்றும் வைத்துக்கொண்டால்:

```
மேல் இழை = P/A − P·e/Z + M/Z
அடி இழை  = P/A + P·e/Z − M/Z
```

குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்ட்ராண்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் Pe/Z கூட்டல். சுமை எந்தப் பக்கத்தை நசுக்குகிறதோ அந்தப் பக்கம் M/Z கூட்டல். இதை யோசித்து எழுதப் பழகினால், தாங்கிக்கு மேலே கேபிள் உயரே ஓடும் தொடர்பீம்களிலும் குழம்பாது.

இரண்டு நாள்கள், இரண்டு கணக்குகள்

நம் பீமுக்கு 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டுகள் ஏழு. ஒவ்வொன்றின் பரப்பு 98.7 ச.மி.மீ., வலு 1860 மெகாபாஸ்கல். விடுவித்த உடனே அவற்றில் 70 சதவீத இழுப்பு மிஞ்சியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் மொத்த விசை கிட்டத்தட்ட சரியாக 900 கிலோநியூட்டன். ஏழின் பொதுமையம் அடியிலிருந்து 120 மி.மீ. உயரத்தில், அதாவது e = 180 மி.மீ.

எந்த நாளுக்குக் கணக்குப் போட வேண்டும்? முழுச் சுமை வரும் நாளுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. ஸ்ட்ராண்டை விடுவிக்கும் நாளில் மேல் சுமை எதுவும் கிடையாது, முன்தகைவோ உச்சத்தில் இருக்கிறது, கான்கிரீட்டோ இன்னும் இளசு. பல பீம்களுக்கு ஆயுளிலேயே கடினமான நாள் அதுதான்.

அந்த நாளில் P/A = 5.0, Pe/Z = 9.0. விடுவித்ததும் பீம் மேல்நோக்கி வளைந்து, நடுப்பகுதி படுக்கையைவிட்டு எழும்பி, முனைகளில் நிற்கும். அதனால் சொந்த எடையின் திருப்புத்திறன் தானாகவே வந்துவிடும்.

```
விடுவித்த உடன், நடுவில் (P = 900 kN)
மேல் = 5.0 − 9.0 + 3.13 = −0.87 MPa
அடி  = 5.0 + 9.0 − 3.13 = 10.87 MPa
```

மேலே ஒரு சின்ன இழுவை. அடியில் நல்ல அமுக்கம். விடுவிக்கும்போது கான்கிரீட்டின் வலு 30 மெகாபாஸ்கல் என்றால் அதில் ஏறக்குறைய பாதிவரை, அதாவது 15 வரை, நசுக்கலாம். இழுவிசைக்கு ஐ.எஸ். 1343-இன் இரண்டாம் வகை உறுப்புகளில், அதாவது இழுவை வரலாம் ஆனால் கண்ணுக்குத் தெரியும் விரிசல் கூடாது என்ற வகையில், 3 மெகாபாஸ்கல்வரை இடம் உண்டு. இரண்டும் எல்லைக்குள்.

முழுச் சுமை வரும் நாளுக்குள் P குறைந்துவிடும். கான்கிரீட் உலர்ந்து சுருங்கும். தொடர்ந்து நசுக்கப்படுவதால் மெதுவாகக் குறுகிக்கொண்டே போகும், இதை ஊர்தல் என்பார்கள். ஸ்ட்ராண்டும் இழுத்த நிலையிலேயே கொஞ்சம் தளரும். மூன்றுக்கும் சேர்த்து 20 சதவீத இழப்பு என்று எடுத்துக்கொண்டால் P = 720 கிலோநியூட்டன், P/A = 4.0, Pe/Z = 7.2.

```
முழுச் சுமையில், நடுவில் (P = 720 kN)
மேல் = 4.0 − 7.2 + 10.76 = 7.56 MPa
அடி  = 4.0 + 7.2 − 10.76 = 0.44 MPa
```

அடியில் இன்னும் 0.44 அமுக்கம் மிச்சம். விரிசலுக்கு இடமில்லை. மேலே 7.56, அனுமதித்ததில் பாதிதான். இழப்பை மறந்துவிட்டு 900-ஐயே போட்டிருந்தால் அடியில் 3.24 அமுக்கம் மிஞ்சுவதுபோலத் தெரிந்திருக்கும். அந்த மிச்சத்தை நம்பி யாராவது மேல் சுமையைக் கூட்டியிருந்தால், சில ஆண்டுகள் கழித்து அடியில் விரிசல் வந்திருக்கலாம்.

இந்த இழப்புதான் முன்தகைவு வெற்றிபெறப் பல பத்தாண்டுகள் எடுத்ததற்கும் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கம்பியை இழுத்துக் கான்கிரீட்டை நசுக்கும் முயற்சிகள் நடந்தன. அப்போது கையில் இருந்தது சாதாரண எஃகு. அதை நூற்றுச் சொச்சம் மெகாபாஸ்கலுக்கு மேல் இழுக்க முடியாது. நம் பீமில் இழப்பு எவ்வளவு என்று பாருங்கள்: விடுவித்தபோது ஸ்ட்ராண்டில் இருந்த 1302 மெகாபாஸ்கலில் 20 சதவீதம், சுமார் 260 மெகாபாஸ்கல். கான்கிரீட்டின் சுருக்கமும் ஊர்தலும் மட்டுமே சாதாரண எஃகில் இருந்த இழுப்பைத் தின்று தீர்த்துவிடும். இதைப் புரிந்துகொண்டு, மிக உயர்ந்த வலுவுள்ள எஃகை மிக அதிகமாக இழுத்தால் இழப்பு போகவும் மிஞ்சும் என்று காட்டியவர் பிரான்ஸின் யூஜீன் ஃப்ரெய்சினே. 1928-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

ஒரே விசை, ஏறி இறங்கும் இடம்

இதே விடைகளைப் பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், சூத்திரத்தைவிட இதுதான் மனதில் நிற்கும்.

பீமுக்குள் கான்கிரீட்டின் மொத்த அமுக்கத்தை ஒரே விசையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுமை இல்லாதபோது அந்த விசை ஸ்ட்ராண்ட் இருக்கும் உயரத்திலேயே, மையத்துக்கு 180 மி.மீ. கீழே இருக்கும். சுமை வந்ததும் அது பெரிதாவதில்லை, இடம்தான் மாறுகிறது: M/P தூரம் மேலே ஏறுகிறது. சாதாரண ஆர்.சி.சி. பீமில் சுமை கூடினால் கம்பியின் விசை கூடும். இங்கே விசை ஏறக்குறைய அப்படியே இருக்க, அமுக்கத்துக்கும் ஸ்ட்ராண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது.

செவ்வக வெட்டுமுகத்தில் இந்த அமுக்க விசை மையத்திலிருந்து h/6 தூரத்துக்குள், நம் பீமில் மேலே 100, கீழே 100 மி.மீ.க்குள் இருந்தால் எங்கும் இழுவிசை கிடையாது. இந்தப் பட்டையைக் கருவம் என்பார்கள். கீழே 100-ஐத் தாண்டினால் மேல் இழை இழுபடும், மேலே 100-ஐத் தாண்டினால் அடி இழை இழுபடும்.

சரி, நம் பீமுக்குப் போட்டுப் பார்ப்போம். விடுவித்த நாளில் M/P = 56.25/900, அதாவது 62.5 மி.மீ. ஏற்றம். 180-இலிருந்து கழித்தால் மையத்துக்கு 117.5 கீழே. கருவத்துக்குச் சற்று வெளியே. அதனால்தான் மேலே அந்தச் சின்ன இழுவை. முழுச் சுமை நாளில் M/P = 193.75/720, அதாவது 269 மி.மீ. ஏற்றம். 180 போக மையத்துக்கு 89 மேலே. கருவத்தின் விளிம்பை நெருங்கி, உள்ளேயே நிற்கிறது. அதனால்தான் அடியில் அந்தச் சின்ன அமுக்கம். விசை ஏறி இறங்கும் பாதையை இப்படிக் கண்ணால் பார்த்துவிட்டால், எந்தச் சுமையில் எந்த இழை ஆபத்தில் இருக்கும் என்பதைக் கணக்குக்கு முன்பே சொல்லிவிடலாம்.

முனைகளில் என்ன நடக்கிறது

இதுவரை பார்த்ததெல்லாம் பீமின் நடு. முனைக்கு வாருங்கள். அங்கே சொந்த எடையின் திருப்புத்திறன் பூஜ்யம், ஆனால் நேராக ஓடும் ஸ்ட்ராண்ட் அங்கேயும் அதே 180 மி.மீ. கீழேதான் இருக்கிறது. அமுக்க விசை மேலே ஏற எதுவும் உதவவில்லை.

```
விடுவித்த உடன், முனையில்
மேல் = 5.0 − 9.0 = −4.0 MPa
அடி  = 5.0 + 9.0 = 14.0 MPa
```

30 மெகாபாஸ்கல் வலுவுள்ள இளங்கான்கிரீட் 3.8 இழுவிசையிலேயே விரிசல் விடக்கூடியது. இந்த −4.0 அதையும் தாண்டுகிறது, அனுமதித்த 3-ஐயும் தாண்டுகிறது. இதில் ஒரு சிறு சலுகை உண்டு. ஸ்ட்ராண்ட் தன் முழு விசையையும் முனையிலேயே கான்கிரீட்டுக்குக் கொடுத்துவிடாது. விட்டத்தைப்போல் ஏறக்குறைய 30 மடங்கு நீளம், இங்கே சுமார் 0.4 மீட்டர், உள்ளே போன பிறகுதான் முழுப் பிடிப்பும் கிடைக்கும். அந்த இடத்தில் சொந்த எடை 0.48 மெகாபாஸ்கல் அளவுக்கு உதவ, மேல் இழை −3.5-இல் நிற்கும். அப்போதும் எல்லையைத் தாண்டியதுதான். ஸ்ட்ராண்டுகளை விடுவித்த சில மணி நேரத்தில் முனைப்பக்கம், மேல் முகத்தில், குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

வழி இரண்டு. கேபிளை வளைத்து, நடுவில் தாழ்வாகவும் முனைகளில் உயரமாகவும் ஓடவிடலாம். பாலங்களில், கான்கிரீட் இறுகிய பிறகு கேபிளை இழுக்கும் பெரிய போஸ்ட்-டென்ஷன் கர்டர்களில் கேபிள் பரவளையமாகப் போவதன் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. முனையில் e 60 மி.மீ. ஆனால் மேல் இழை 5 − 3 = 2 என்று அமுக்கமாகவே ஆகிவிடும். வார்ப்புப் படுக்கையில் நேராக இழுத்த ஸ்ட்ராண்டை வளைப்பது சிரமம் என்பதால், அங்கே சில ஸ்ட்ராண்டுகளுக்கு முனைப்பகுதியில் பிளாஸ்டிக் குழாய் மாட்டிப் பிடிப்பைத் துண்டித்துவிடுவார்கள். ஏழில் மூன்றைத் துண்டித்து, மிச்ச நான்கின் மையமும் அதே உயரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், மேல் இழை −4.0 × 4/7, அதாவது −2.3. எல்லைக்குள் வந்துவிட்டது.

குழாய் எவ்வளவு தூரத்துக்கு வேண்டும்? சொந்த எடை தரும் தகைவு 1 மெகாபாஸ்கல் ஆகும் இடத்தில் −4 என்பது −3 ஆகிவிடும். அதற்குத் தேவையான திருப்புத்திறன் 18 கிலோநியூட்டன்-மீட்டர். முனையிலிருந்து அந்த இடம்வரை உள்ள தூரம் x மீட்டர் என்றால்:

```
22.5x − 2.25x² = 18   →   x ≈ 0.88 m
```

0.9 மீட்டர் குழாய் போட்டால் போதும். அதற்கு மேல் நீட்டினால் முன்தகைவு தேவைப்படும் பகுதியிலும் அதை இழக்க நேரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விபரீதம், பீமைத் தூக்கும்போது வரும். கொக்கிகளை முனையில் மாட்டாமல் 2.5 மீட்டர் உள்ளே தள்ளி மாட்டினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தன் எடையால் தொங்கும். கொக்கி இருக்கும் இடத்தில் 4.5 × 2.5²/2, அதாவது 14 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் வரும். அது மேல் இழையை நசுக்காமல் இழுக்கும்: −4.0 − 0.78 = −4.8. முன்தகைவும் சொந்த எடையும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டன. அந்த இடத்தில் குழாயும் இல்லை. வரைபடத்தில் தூக்கும் புள்ளியைக் குறித்துத் தருவது இதற்காகத்தான். யார்டில் கட்டைகளின் மேல் அடுக்கும்போதும் கட்டைகள் முனைக்கருகிலேயே இருக்க வேண்டும்.

கணக்கும் பீமும் ஒத்துப்போகின்றனவா

தகைவைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் மேல்வளைவைப் பார்க்கலாம். நம் பீமில் நேர் ஸ்ட்ராண்ட் தரும் மேல்வளைவு PeL²/8EI; E கான்கிரீட்டின் மீள்குணகம், I வெட்டுமுகத்தின் நிலைமத் திருப்புத்திறன். இது சுமார் 13.7 மி.மீ. சொந்த எடை அதில் ஏறக்குறைய 4 மி.மீ.யைக் கீழே இழுக்கும். விடுவித்ததும் நடுப்பகுதி 10 மி.மீ. அளவுக்கு எழும்ப வேண்டும். முனைக்கு முனை நூல் கட்டி அளந்தால் தெரிந்துவிடும். கான்கிரீட்டின் மீள்தன்மை அப்படியே கணக்குப்படி இருக்காது என்பதால் ஓரிரண்டு மி.மீ. வித்தியாசம் சகஜம். ஆனால் 5 மி.மீ.தான் எழும்பியிருக்கிறது என்றால் ஏதாவது ஒரு ஸ்ட்ராண்ட் வழுக்கியிருக்கலாம், ஜாக் அளவீடு தவறியிருக்கலாம், அல்லது ஸ்ட்ராண்டுகள் உயரம் மாறிப் போயிருக்கலாம்.

உயரம் மாறுவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தப் பீமில் e 25 மி.மீ. குறைந்தால், இழப்புகளுக்குப் பிறகு Pe/Z சரியாக 1 மெகாபாஸ்கல் குறையும். அடியில் நமக்கு மிஞ்சியிருந்ததே 0.44. ஒரு அங்குலப் பிசகில் அது −0.56 ஆகிவிடும். கான்கிரீட் போடுவதற்கு முன் முனைத்தகட்டின் துளைகளை டேப் வைத்து அளந்து பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.

இந்த மொத்தக் கணக்கும் விரிசல் விடாத பீமுக்குத்தான் பொருந்தும். முழு வெட்டுமுகமும் வேலை செய்கிறது என்று வைத்துத்தான் A-யையும் Z-ஐயும் எடுத்தோம். அடியில் விரிசல் விழுந்துவிட்டால் அந்த எண்கள் இரண்டும் பொய்யாகிவிடும். பீம் எந்தச் சுமையில் முறியும் என்பதையும் இது சொல்லாது. ஸ்ட்ராண்டின் முழு வலுவையும் மேல் கான்கிரீட்டின் நொறுங்கலையும் வைத்து அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.